சுய அறிமுகம்: முதலில் சம்பவத்தைத் தேடுங்கள்

கேள்வி: நான் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் 3 வருடமாக ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். வணிகவியல் பட்டதாரி. இப்போது வேறொரு நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் பின்னணி, உங்கள் பலம், ஒரு சின்னச் சம்பவம் என்று இரண்டு நிமிடத்தில் வாயால் சொல்ல வேண்டுமாம். போன முறை இப்படிக் கேட்டபோது பெயர், படிப்பு, கடின உழைப்பாளி, நேர்மையானவள் என்று நாற்பது நொடியில் முடித்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொள்கிற மாதிரி சாதனை எதுவும் எனக்கு இல்லை. ஒரு தடவை ஸ்டாக்கில் வந்த வித்தியாசத்துக்குக் காரணம் கண்டுபிடித்தேன், அவ்வளவுதான். அதைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். நான் எப்படித் தயார் செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"அவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிட்டீர்களே, அந்த ஸ்டாக் வித்தியாசம்தான் உங்கள் இரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய பாதியைப் பிடிக்க வேண்டும். தனித்தாளை இரண்டு முறை படித்தேன். மாதா மாதம் ஒரே 9 பொருட்கள் கணக்கைவிட ரேக்கில் அதிகமாக இருந்தன. சப்ளையர் பில்லில் பாக்கெட் கணக்கு, உங்கள் ஸ்டோர்ஸில் எண்ணிக்கைக் கணக்கு, அந்தக் குழப்பம்தான் காரணம் என்று பழைய பில்களைத் தேடிக் கண்டுபிடித்து, பாக்கெட்டில் எத்தனை என்பதை வரவுச் சீட்டில் எழுதும்படி மாற்ற வைத்தீர்கள். பல வருடமாக ஆள் எடுக்கும் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டோர்ஸ் பொறுப்புக்கு வருகிற ஒருவரிடம் நான் கேட்க ஆசைப்படுவது இந்த மாதிரிச் சம்பவத்தைத்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் கையில் உங்கள் விண்ணப்பம் இருக்கிறது. பெயர், படிப்பு, எத்தனை வருட அனுபவம் என்பதெல்லாம் அதிலேயே உண்டு. தெரிந்ததையே மறுபடி ஒப்பிக்கச் சொல்ல அவர் கேட்கவில்லை. இரண்டு விஷயத்துக்காகக் கேட்கிறார். இவருக்கு வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்துச் சொல்லத் தெரிகிறதா என்பது ஒன்று. அடுத்த கேள்விக்கு ஒரு பிடி வேண்டும் என்பது இன்னொன்று. "நான் கடின உழைப்பாளி" என்றால் அதில் பிடி எதுவும் இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு விண்ணப்பத்தைப் புரட்ட வேண்டியதுதான். "ஒரே 9 பொருட்களில் மாதா மாதம் வித்தியாசம் வந்துகொண்டிருந்தது" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த கால்மணி நேரப் பேச்சு நீங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிற இடத்தில் நடக்கும்.

அதனால் தயார் செய்கிற வரிசையைத் தலைகீழாக்குங்கள். பேசும்போது பின்னணி, பலம், சம்பவம் என்றுதான் பேசுவீர்கள். தயார் செய்யும்போது சம்பவத்தை முதலில் எழுதுங்கள். அந்தச் சம்பவத்திலிருந்து உங்கள் பலம் எது என்று எடுங்கள். அந்தப் பலத்தையும் சம்பவத்தையும் புரிந்துகொள்ளக் கேட்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதை மட்டும் பின்னணியில் வையுங்கள். பெரும்பாலோர் பெயரில் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டு போகிறார்கள். பின்னணியிலேயே ஒன்றரை நிமிடம் போய்விடும். சம்பவத்துக்கு வரும்போது நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

உங்களிடம் சம்பவம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் அது சரியான தேர்வுதானா என்று பார்த்துவிடலாம். நான் பார்க்கிற முதல் விஷயம், அதில் நீங்களாக ஒரு முடிவெடுத்த நொடி இருக்கிறதா என்பது. சொன்னதைச் செய்து முடித்த சம்பவம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் உங்களைப் பற்றி அதிகம் சொல்லாது. உங்கள் தாளில் அந்த நொடி தெளிவாக இருக்கிறது. எல்லோரும் திருத்த என்ட்ரி போட்டு மாதக் கணக்கை மூடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஒரு மாதம் மூடாமல் பழைய திருத்தங்களை எடுத்துப் பார்த்தீர்கள். அங்கேதான் நீங்கள் யார் என்று தெரிகிறது.

இரண்டாவதாக, உங்கள் துறைக்கு வெளியே இருப்பவருக்கும் அது புரிய வேண்டும். குழுவில் ஸ்டோர்ஸ் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். மனிதவளப் பிரிவிலிருந்து வந்தவருக்கு ரேக்கும் தெரியாது, வரவுச் சீட்டும் தெரியாது. பாக்கெட்டுக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள குழப்பம் யாருக்கும் விளங்கும். அந்த வகையில் உங்களுக்கு நல்ல பொருள் கிடைத்திருக்கிறது. மூன்றாவது, முடிவு கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவும் உங்களிடம் உண்டு: அடுத்த இரண்டு மாதமும் அந்த 9 பொருட்களில் வித்தியாசம் வரவில்லை. இதைப் பெரிதாக்கிச் சொல்லத் தேவையில்லை. "நிறுவனத்துக்குப் பெரும் நஷ்டம் தவிர்க்கப்பட்டது" என்று சேர்த்தால் எவ்வளவு என்று கேட்பார்கள். உங்களிடம் அந்தத் தொகை இல்லை. தெரிந்த அளவோடு நிறுத்துவதுதான் நம்பிக்கை தரும்.

சரி, இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். அதை அப்படியே வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். 3 நிமிடத்துக்கு மேல் ஆனது. சம்பவம் மட்டுமே! எங்கே நேரம் போகிறது என்று பார்த்தால், முதல் பாதி முழுவதும் சூழ்நிலை. ஸ்டோர்ஸ் எத்தனை பகுதியாகப் பிரிந்திருக்கிறது, மென்பொருளை எப்போது மாற்றினார்கள், புதியதில் என்ட்ரி போடுகிற முறை எப்படி, முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் எப்போது விலகினார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பழைய பில்களைத் தேடி எடுத்த பகுதிக்கு இரண்டே வரி. இது உங்களுக்கு மட்டும் வருகிற பிழை இல்லை. சூழ்நிலை, பணி, செயல், விளைவு என்று நான்காகப் பிரித்துச் சொல்லும் ஸ்டார் முறையைப் பல இடங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அதைப் பின்பற்றுகிறவர்களும் சூழ்நிலையிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிட்டு, செயலுக்கு வரும்போது "அப்புறம் அதைச் சரி செய்தேன்" என்று ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். கேட்பவருக்கு வேண்டியது அந்த 'அப்புறம்' என்பதற்குள் நடந்ததுதான்.

எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். கதை புரிகிறது என்றால் அந்த வாக்கியம் போகலாம். மென்பொருள் மாறிய விவரத்தை மறைத்துப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. முன்பு இருந்தவர் விலகியதையும் மறைத்தேன். குறையவில்லை என்பது மட்டுமல்ல, நன்றாகவும் ஆனது. பழைய ஊழியரைக் குறை சொல்கிற தொனி அதில் லேசாக இருந்தது. அதே சமயம், கணக்கில் தீர்ந்ததாகக் காட்டியதால் ரேக்கில் இருக்கிற பொருளையே திரும்ப ஆர்டர் போட்டீர்கள் என்ற வரியை மறைத்தபோது கதையே தளர்ந்துவிட்டது. வித்தியாசம் வந்தால் என்ன கெட்டுவிடும் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில். தாளின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். அதை முன்னால் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றையும் உங்கள் தாளில் வட்டமிட்டேன். "கண்டுபிடிக்கப்பட்டது", "மாற்றப்பட்டது", "நாங்கள் பார்த்தோம்" என்று வருகிறதே தவிர 'நான்' என்ற சொல் முழுத்தாளில் ஒரு முறைதான் வருகிறது. தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் நேர்காணலில் இது உண்மையையே மறைத்துவிடும். ஒருமுறை, சரக்கு அனுப்பும் பிரிவுக்கு வந்த ஒருவர் முழுச் சம்பவத்தையும் 'நாங்கள்' என்றே சொல்லி முடித்தார். "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, அந்தப் புதிய பட்டியல் முறையை உருவாக்கியதே தான்தான் என்றார். நான் கேட்காமல் விட்டிருந்தால் அது குழுவில் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் செய்ததற்கு நான், சேர்ந்து செய்ததற்கு நாங்கள் என்று நடந்தபடியே சொல்லுங்கள். பில்லைத் தேடியது நீங்கள், அது 'நான்'. என்ட்ரி முறையை மாற்ற மேலாளர் ஒப்புக்கொண்டு எல்லோரும் மாறினார்கள், அது 'நாங்கள்'. இரண்டும் சரியான இடத்தில் வரும்போது கேட்பவருக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும்.

சம்பவம் தயாராகிவிட்டால் பலத்தைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். அதற்குள்ளேயே இருக்கும். கடின உழைப்பு, நேர்மை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உங்களிடம் இருக்கலாம், ஆனால் இந்தச் சம்பவம் அவற்றைக் காட்டவில்லை. ஒரு வித்தியாசத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்வரை விடமாட்டீர்கள் என்பதைக் காட்டுகிறது. கண்டுபிடித்ததை வரவுச் சீட்டில் ஒரு எண் எழுதுகிற அளவுக்கு எளிதாக்கி மற்றவர்கள் கையில் கொடுத்தீர்கள் என்பதையும் காட்டுகிறது. இந்த இரண்டையும் பெயர்ச்சொல்லாக்காமல் வினையாகவே சொல்லுங்கள். 'பகுத்தாராயும் திறன்' என்பதைவிட 'காரணம் தெரியும்வரை விடமாட்டேன்' என்பது உங்கள் வாயில் இயல்பாக வரும். இரண்டு பலம் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் அதற்குச் சம்பவத்தில் ஆதாரம் இருக்காது, ஆதாரமில்லாத மூன்றாவது முதல் இரண்டையும் வெறும் பட்டியலாக்கிவிடும். விளம்பரத்தை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் கேட்டிருக்கிற குணத்தோடு உங்கள் பலம் ஒட்டவே இல்லை என்றால், பலத்தைத் திரிக்காமல் வேறு சம்பவத்தைத் தேடுங்கள். உங்கள் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. விளம்பரத்தில் கேட்டிருப்பதே ஸ்டாக் துல்லியமும் சரக்கு உள்ளே வந்து வெளியே போகும் முறைகளும்தான்.

பின்னணிக்கு அரை நிமிடம் போதும். இப்போது செய்கிற வேலையில் தொடங்குங்கள். படிப்பு கடைசியில் ஒரே வரியாக வரட்டும். 3 வருட அனுபவம் வந்தபிறகு பட்டத்தை முன்னால் வைத்தால் கல்லூரியிலிருந்து இப்போதுதான் வந்தவர் போலத் தோன்றும். (புதிதாகப் படித்து முடித்தவருக்கு இது நேர்மாறு. அவருடைய பின்னணி படிப்பும் அதில் செய்த ப்ராஜெக்டும்தான்.) குடும்பத்தில் எத்தனை பேர், பொழுதுபோக்கு என்ன என்பதெல்லாம் வேண்டாம். அதற்குப் பதில் ஒரு வரியை நான் சேர்ப்பேன். சேரும்போது என்ட்ரி மட்டும் பார்த்தீர்கள், இரண்டாம் வருடத்தில் மாத எண்ணிக்கையையும் உங்களிடம் கொடுத்தார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்கள். பொறுப்பு கூடியது என்பதை இதைவிட அடக்கமாகச் சொல்ல முடியாது. அதோடு, எண்ணுவது உங்கள் வேலை என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால் சம்பவத்தில் அதை விளக்கும் வேலையும் மிச்சம்.

இதையெல்லாம் வைத்து உங்களுக்காக ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன்.

"வணக்கம். என் பெயர் இன்னது. உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் 3 வருடமாக ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். சரக்கு வரும்போது என்ட்ரி போடுவது, வெளியே போகும்போது கழிப்பது, மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்துக் கணக்கோடு ஒப்பிடுவது, இந்த மூன்றும் என் பொறுப்பு. சேர்ந்தபோது என்ட்ரி மட்டும்தான் என்னிடம் இருந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து மாத எண்ணிக்கையையும் என்னிடம் கொடுத்தார்கள். படித்தது வணிகவியல்.

கணக்கில் ஒரு வித்தியாசம் வந்தால் காரணம் தெரியும்வரை விடமாட்டேன். என் பலம் என்று அதைத்தான் சொல்வேன். காரணம் தெரிந்த பிறகு, கூட வேலை செய்கிறவர்கள் சுலபமாகப் பின்பற்றுகிற மாதிரி அதை ஒரு வழக்கமாக்கிக் கொடுப்பேன். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டோர்ஸில் மாதா மாதம் எண்ணும்போது சில பொருட்கள் கணக்கைவிட ரேக்கில் அதிகமாக இருக்கும். கணக்கில் தீர்ந்துவிட்டதாகக் காட்டியதால், கையில் இருக்கிற பொருளையே மறுபடி ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தோம். வழக்கமாகத் திருத்த என்ட்ரி போட்டு முடித்துவிடுவோம். ஒரு மாதம் நான் அப்படி முடிக்காமல், முந்தைய மூன்று மாதத் திருத்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே 9 பொருட்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அவற்றின் பில்களைத் தேடி எடுத்தேன். ஒன்பதும் ஒரே சப்ளையரிடமிருந்து வந்தவை. அவர் பில்லில் பாக்கெட் கணக்கு, நாங்கள் வெளியே கொடுப்பது எண்ணிக்கைக் கணக்கு. 50 வாஷர் இருக்கிற பாக்கெட், எங்கள் கணக்கில் ஒன்று என்று ஏறியிருந்தது. பில்லோடு போய் மேலாளரிடம் காட்டினேன். பாக்கெட்டில் எத்தனை என்பதை வரவுச் சீட்டில் எழுதி, பெருக்கிய பிறகுதான் என்ட்ரி என்று மாற்றினோம். அடுத்த இரண்டு மாதமும் அந்த 9 பொருட்களில் வித்தியாசம் வரவில்லை.

கணக்கோடு நிற்காமல், சரக்கு உள்ளே வருவதிலிருந்து வெளியே போவது வரை முழுப் பொறுப்பையும் எடுத்துச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். உங்கள் விளம்பரத்தில் அதைத்தான் கேட்டிருந்தீர்கள்."

இது 200 சொல்லை ஒட்டி வரும். தமிழில் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்துக்கு 260 சொல் வரை எழுதலாம் என்றால், தமிழில் 200 எழுதினாலே இரண்டு நிமிடம் நிரம்பிவிடும். உங்கள் வேகம் உங்களுக்குத்தான் தெரியும், அதனால் சொல்லை எண்ணுவதைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். 1 நிமிடம் 45 நொடியில் முடிந்தால் சரியான அளவு. நேர்காணலில் இடையில் மூச்சு வாங்குவீர்கள், ஒரு சொல் தடுக்கும், மீதி 15 நொடி அதற்குப் போய்விடும். பின்னணிக்கு அரை நிமிடம், பலத்துக்கு 15 நொடி, சம்பவத்துக்கு 50 நொடி, முடிவுக்கு 10 நொடி என்று மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்றால் இதை வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம். அதே சம்பவத்தை ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

முடிவு வரியைக் கவனித்தீர்களா? போன முறை நீங்கள் முழித்துக்கொண்டிருந்ததற்கு, சொல்ல விஷயம் இல்லாதது பாதிக் காரணம்தான். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யாதது மீதிப் பாதி. "அவ்வளவுதான் சார்", "வேறென்ன சொல்வது" என்று முடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதுவரை நன்றாகப் பேசியவர்களும் அந்த இடத்தில் தளர்ந்து போகிறார்கள். கடைசி வாக்கியம் அவர்கள் தரும் வேலையைத் தொட்டு முடிந்தால், நீங்கள் வாயை மூடிக்கொண்டதும் அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு இரண்டு நொடி மௌனம் வந்தாலும் நிரப்பப் போகாதீர்கள். அவர்கள் எதையோ குறித்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது மனப்பாடம் பற்றி. மேலே உள்ளதை அப்படியே உருப்போட்டுக்கொண்டு போனால் ஒரு இடத்தில் நிச்சயம் தெரிந்துவிடும். கண் கூரையைப் பார்க்கும், குரல் ஒரே சீராக ஓடும், ஒரு சொல் மறந்தால் வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போவீர்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். பதற்றம் அதிகம் இருப்பது அந்த இரண்டு இடத்தில்தான். நடுவில் இருப்பதற்கு ஒரு துண்டுச் சீட்டில் ஆறு சொல் எழுதிக்கொள்ளுங்கள்: மூன்று பொறுப்பு, விடமாட்டேன், மறுபடி ஆர்டர், 9 பொருள், பாக்கெட், இரண்டு மாதம். அந்தச் சீட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் கொஞ்சம் மாறும், மாறட்டும். மூன்று நாள், நாளுக்கு நான்கைந்து முறை சொன்னால் சீட்டு தேவைப்படாது.

போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை கேட்கக் கூச்சமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'வந்து', 'அதாவது', 'பார்த்தீங்கன்னா' என்று எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி முடிந்து அடுத்ததற்குப் போகிற இடத்தில் வரும். அங்கே நிறுத்தி ஒரு மூச்சு எடுக்கப் பழகினால் அந்தச் சொற்கள் தானாகக் குறையும். எண்களைக் கவனியுங்கள். 9, 50, பாக்கெட், எண்ணிக்கை என்பவை ஒரே மூச்சில் ஓடிவிட்டால் கேட்பவருக்குக் கதையின் முடிச்சே பிடிபடாது. "50 வாஷர் இருக்கிற பாக்கெட், எங்கள் கணக்கில் ஒன்று" என்ற வரியை உங்கள் மற்ற வரிகளைவிட மெதுவாகச் சொல்லுங்கள். அப்புறம், ஸ்டோர்ஸ் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் சொல்லிக் காட்டி, கேட்டதை உங்களிடமே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் பாக்கெட் குழப்பத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். தடுமாறினால் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.

நேர்காணலில் நினைத்தபடி நடக்காமல் போகலாம். "ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள்" என்று அங்கேயே சுருக்கச் சொன்னால், எல்லாவற்றையும் வேகமாக ஓட்ட வேண்டாம். பின்னணியை ஒரு வாக்கியமாக்குங்கள், பலத்தில் முதலாவதை மட்டும் சொல்லுங்கள், சம்பவத்தில் மறுபடி ஆர்டர் போட்டது, ஒரே 9 பொருட்கள், பாக்கெட், விளைவு என்ற நான்கை மட்டும் வையுங்கள். இதையும் வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டால் அங்கே கை நடுங்காது. சம்பவத்தின் நடுவில் யாராவது கேள்வி கேட்டால் அது நல்ல அறிகுறி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அவர்களே "சரி, அப்புறம் என்ன ஆனது?" என்றால் தொடருங்கள்.

சம்பவம் நன்றாக அமைந்துவிட்டால் அதிலிருந்து கேள்வி வரும். உங்களுக்கு மூன்று கேள்வி வரும் என்று நினைக்கிறேன். முறையை மாற்றியது சரி, ஏற்கெனவே தவறாக ஏறியிருந்த கணக்கை என்ன செய்தீர்கள் என்று ஸ்டோர்ஸ் தெரிந்தவர் கட்டாயம் கேட்பார். அந்த 9 பொருட்களையும் ஒரே நாளில் எண்ணி, இருப்பைத் திருத்திய பிறகே புது முறையைத் தொடங்கினீர்கள் என்று உங்கள் தாளில் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்குள் அதை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன், கேட்கும்போது சொல்ல ஏதாவது மிச்சம் வேண்டும். இரண்டாவது, இப்போது புதிய சப்ளையர் வந்தால் இதே பிழை வராமல் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பது. இதற்கு உங்கள் தாளில் பதில் இல்லை. நேர்காணலுக்கு முன் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் சிக்கலானது. "அவ்வளவு நாள் அது யார் தவறு?" என்று கேட்பார்கள். உங்களைச் சோதிக்கவே கேட்பார்கள். தாளில் நீங்கள் ஒருவரைச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே சொல்லாதீர்கள். பில்லில் ஒரு அலகு, கணக்கில் ஒரு அலகு, இரண்டையும் பொருத்தும் இடம் வரவுச் சீட்டில் இல்லை, அதனால் யார் என்ட்ரி போட்டிருந்தாலும் இதே பிழை வந்திருக்கும் என்று சொல்லுங்கள். அது சமாளிப்பு இல்லை. உங்கள் தாளைப் படித்தவரை உண்மையும் அதுதான், முதல் வருடம் அந்த என்ட்ரியில் சிலவற்றை நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.